முதல் நூலின் பிரதிக்கு எந்தத் திருத்தம், எப்போது?

“நாவலை எழுதி முடித்துவிட்டேன், புரூஃப் பார்த்துக் கொடுக்க ஒருவர் வேண்டும்” என்று முதல் நூலை எழுதியவர்கள் கேட்கும்போது, பெரும்பாலும் அவர்களுக்குத் தேவைப்படுவது புரூஃப் அன்று. திருத்தம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. நூலின் கட்டுமானத்தையே கேள்விக்கு உட்படுத்தும் கட்டமைப்பு எடிட்டிங் ஒன்று. டெவலப்மென்டல் எடிட்டிங் என்று சொல்லப்படுவது இதுதான். வாக்கியங்களையும் சொற்களையும் தகவல்களின் ஒழுங்கையும் சரிசெய்யும் பிரதி செம்மையாக்கம், அதாவது காப்பி எடிட்டிங், இரண்டாவது. பக்கம் வடிவமைக்கப்பட்ட பிறகு எஞ்சிய பிழைகளைப் பிடிக்கும் மெய்ப்புப் பார்த்தல், அதாவது புரூஃப் பார்த்தல், மூன்றாவது.

இந்த மூன்றையும் எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் பணமும் காலமும் வீணாவதும் மிஞ்சுவதும் இருக்கின்றன. என் முதல் பிரதியை எழுதி முடித்த மறுவாரமே ஒருவரிடம் கொடுத்து எழுத்துப் பிழைகளைத் திருத்தி வாங்கினேன். நான்கு மாதங்கள் கழித்து, நூலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நீக்கவும் மற்றொரு பங்கைப் புதிதாக எழுதவும் வேண்டியிருந்தது. நீக்கிய பக்கங்களெல்லாம் ஒற்றுப் பிழையின்றி இருந்தன. புதிதாக எழுதிய பக்கங்களை யாரும் பார்த்திருக்கவில்லை.

ஆகவே, ஒரு கற்பனைப் பிரதியை எடுத்துக்கொண்டு, அது மூன்று கட்டங்களையும் எப்படிக் கடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். அது 28 அத்தியாயங்களும் 62,000 சொற்களும் கொண்ட நாவல். மலர்விழி என்ற பெண், சிறுவயதில் இறந்துபோன தாய் எழுதி வைத்த கடிதம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, அண்ணன் சேகரனுடன் சேர்ந்து அதைத் தேடுகிறாள்.

முதல் படி: அத்தியாய வரைபடம்

எடிட்டரைத் தேடும் முன் ஆசிரியர் தாமே செய்யவேண்டிய வேலை இது. எழுதி முடித்த பிரதியைச் சில வாரங்கள் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்து அதற்கு இரண்டே வாக்கியங்கள் எழுதவேண்டும். அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்பது முதல் வாக்கியம். அது முடியும்போது தொடக்கத்தில் இல்லாத எது மாறியிருக்கிறது என்பது இரண்டாவது. கூடவே, கதையில் அது எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். அந்தக் குறிப்பு இப்போது தேவையற்றதாகத் தோன்றினாலும் அடுத்த கட்டத்தில் மிகவும் உதவும்.

நம் நாவலில் இந்த வரைபடம் ஒரு சங்கடத்தை வெளிக்காட்டுகிறது. முதல் ஆறு அத்தியாயங்களில், ஏறத்தாழ 14,000 சொற்களில், மலர்விழியின் குழந்தைப் பருவம் வருகிறது. அவற்றுக்கான இரண்டாவது வாக்கியத்தை எழுத முயன்றால், ஆறுக்கும் “தாய் அன்பானவர் என்பது தெரிகிறது” என்ற ஒரே வாக்கியம்தான் வருகிறது. கடிதம் என்ற ஒன்று இருப்பதே 7ஆம் அத்தியாயத்தில்தான் தெரிகிறது. இந்த ஆறு அத்தியாயங்களில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை என்று வைத்துக்கொண்டாலும் வாசகரின் சோர்வு குறையப்போவதில்லை. இது கட்டமைப்பின் குறை. அதைச் சொல் அளவில் தீர்க்க முடியாது.

இரண்டாம் படி: கட்டமைப்பு எடிட்டிங்

கட்டமைப்பு எடிட்டரிடமிருந்து ஆசிரியருக்கு முதன்மையாகக் கிடைப்பது ஒரு கடிதம். நூல் என்ன செய்ய முயல்கிறது என்று தாம் புரிந்துகொண்டதை எடிட்டர் அதில் சொல்வார். எங்கே அது நழுவுகிறது, எந்தப் பாத்திரம் தேவையின்றி நிற்கிறது, எந்தத் தகவல் தாமதமாக வருகிறது என்பவற்றைப் பல பக்கங்களில் விளக்குவார். பிரதியின் ஓரங்களில் குறிப்புகளும் இருக்கலாம். கடிதத்தை மட்டும் தருவதும் உண்டு. பிரதி மதிப்பீடு எனப்படும் அந்தச் சேவைக்குக் கட்டணம் குறைவு. வரைபடத்தைக் கொண்டு தாமே மாற்றி எழுதக்கூடியவருக்கு அதுவே போதுமானது என்பது என் கருத்து.

நம் நாவலுக்கு வரும் கடிதம் இப்படிச் சொல்கிறது என்று கொள்வோம்: “7ஆம் அத்தியாயத்தை நூலின் தொடக்கமாக்கலாம். குழந்தைப் பருவ அத்தியாயங்கள் ஆறையும் மூன்றாகச் சுருக்கி, தேடலின் நடுவே, ஒவ்வொரு நினைவும் ஒரு துப்பாகப் பயன்படும் இடங்களில் வைக்கலாம்.” இந்தக் கருத்து எழுந்த காரணத்தை ஆசிரியர் ஏற்கவேண்டும்; அதற்குச் சொல்லப்பட்ட தீர்வையும் அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. வாசகர் எங்கே சோர்கிறார் என்பதில் எடிட்டர் பெரும்பாலும் சரியாகவே இருப்பார். அதை எப்படிச் சீராக்குவது என்பதில் ஆசிரியருக்கு வேறு வழி தோன்றலாம். கடிதம் வந்ததும் கோப்பைத் திறந்து திருத்தத் தொடங்காமல், ஒரு வாரம் பொறுத்து, மாற்றங்களை முதலில் அத்தியாய வரைபடத்தில் செய்து பார்ப்பது நல்லது. வரைபடத்தில் ஒரு வரியை நகர்த்த ஒரு நிமிடம் போதும். அந்த அத்தியாயத்தையே நகர்த்தினால் அதனோடு ஒட்டிய அனைத்தையும் மாற்றி எழுத ஒரு வாரம் ஆகும்.

மாற்றி எழுதிய பின் நாவல் 25 அத்தியாயங்களாகவும் 56,000 சொற்களாகவும் ஆகிறது. கட்டமைப்பு மாற்றம் எப்போதும் விட்டுச்செல்லும் தழும்புகள் இப்போது பிரதியில் இருக்கும். சேகரன் முன்பு 2ஆம் அத்தியாயத்தில் அறிமுகமானவன். புதிய முதல் அத்தியாயத்தில் ஏற்கெனவே தெரிந்த ஒருவனைப் போலத் திடீரென்று பேசுகிறான். “முன்பு சொன்ன அந்தப் பெட்டி” என்று ஓரிடத்தில் வருகிறது. ஆனால் பெட்டியைச் சொன்ன பகுதி இப்போது அதற்குப் பின்னால் போய்விட்டது. இவற்றை ஆசிரியர் ஒருமுறை தேடித் திருத்தவேண்டும். எஞ்சுபவை அடுத்த கட்டத்தில் பிடிபடும்.

இந்தக் கட்டம் முடிந்துவிட்டது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. பிரதியை மீண்டும் படிக்கும்போது “இந்தக் காட்சி இங்கேதான் இருக்கவேண்டுமா?” என்ற கேள்வி எழாமல், “இந்த வாக்கியம் சரியாக இருக்கிறதா?” என்ற கேள்வி மட்டுமே எழுந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். முதல் கேள்வி ஓரிடத்தில் எழுந்தாலும் இன்னும் பொறுக்கவேண்டும்.

மூன்றாம் படி: மாதிரிப் பக்கங்கள்

பிரதி செம்மையாக்குபவரைத் தேர்ந்தெடுக்க, சில பக்கங்களை மாதிரியாகத் திருத்தித் தரும்படி கேட்பது வழக்கம். பலர் அதற்கு முதல் அத்தியாயத்தை அனுப்புகிறார்கள். முதல் அத்தியாயம் ஆசிரியரே நாற்பது முறை திருத்திய பகுதி. நூலின் உண்மையான நிலையை அது காட்டாது. நடுவிலிருந்து, உரையாடலும் விவரணையும் கலந்த ஐந்து பக்கங்களை அனுப்புவதே சரி. கட்டணத்தைப் பக்கக் கணக்கில் பேசினால், ஒரு பக்கம் என்பது எத்தனை சொற்கள் என்று முதலிலேயே கேட்டுவிடவேண்டும். பிரதிப் பக்கத்துக்கு 250 சொற்கள் என்பது பரவலான கணக்கு. அதன்படி நம் நாவல் 224 பக்கங்கள். ஒற்றை வரி இடைவெளியில் நெருக்கித் தட்டச்சு செய்த கோப்பில் அதுவே பாதிப் பக்கங்களாகத் தோன்றும். இரு தரப்பும் மனத்தில் வேறுவேறு எண்ணோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும்.

திரும்பி வரும் மாதிரியைப் பார்த்தால், அவர் எந்த வேலையைச் செய்கிறார் என்பது தெரிந்துவிடும். காற்புள்ளியும் ஒற்றும் மட்டுமே திருத்தப்பட்டிருந்தால் அவர் செய்தது மெய்ப்பு வேலை. உங்கள் வாக்கியங்களெல்லாம் அவருடைய நடைக்கு மாறியிருந்தால் அது அத்துமீறல். பிழைகள் திருத்தப்பட்டு, ஐயமுள்ள இடங்களில் ஆசிரியரை நோக்கிக் கேள்விகள் எழுப்பப்பட்டிருந்தால் அதுவே பிரதி செம்மையாக்கம். இவற்றுக்கு இடையில், வாக்கியத்தின் ஓசையையும் செறிவையும் மட்டும் கவனிக்கும் லைன் எடிட்டிங் என்ற ஒன்றும் உண்டு. பெரும்பாலும் அது பிரதி செம்மையாக்கத்தோடு சேர்த்தே செய்யப்படுவதால், எவ்வளவு தூரம் வாக்கியத்தில் கைவைக்கலாம் என்பதை முன்கூட்டியே பேசிக்கொண்டால் போதும்.

நான்காம் படி: பிரதி செம்மையாக்கம்

நம் நாவலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம்:

“கடிதத்தை பிரித்த மலர்விழியின் கைகள் நடுங்கியது. அதை படித்து முடித்ததும் சேகரனிடம் கொடுத்தபோது அவன் கண்களில் இருந்து கண்ணீர் வழிந்தது.”

செம்மையாக்கப்பட்ட வடிவம்:

“கடிதத்தைப் பிரித்த மலர்விழியின் கைகள் நடுங்கின. அதைப் படித்து முடித்து, சேகரனிடம் கொடுத்தாள். படித்ததும் அவன் கண்ணீர் விட்டான்.”

இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் ‘ப்’ சேர்ந்ததும், ‘கைகள்’ என்ற பன்மைக்கு ஏற்ப வினை மாறியதும் விதிப்படியான திருத்தங்கள். இவற்றுக்கு ஆசிரியரைக் கேட்கவேண்டியதில்லை. கடிதத்தைக் கொடுத்த உடனேயே, படிக்கும் முன்பே சேகரன் அழுதுவிடுகிறான் என்பது வேறு வகைக் குறை. இங்கே எடிட்டர் மாற்றத்தைச் செய்துவிட்டு, “கொடுத்தபோதே கண்ணீர் என்றால், கடிதத்தில் இருப்பது அவனுக்கு முன்பே தெரியும் என்ற பொருள் வருகிறது. அது நோக்கமா?” என்று ஓரக்குறிப்பில் கேட்கிறார். கேட்பது மிகவும் முக்கியம், ஏனெனில் அது நோக்கமாகவும் இருந்திருக்கலாம்.

எடிட்டர் இந்த வேலையினூடே ஒரு நடைத்தாளைத் தயாரித்துக்கொண்டே போவார். பெயர்களின் எழுத்துக்கூட்டல், எண்களை எழுத்தில் எழுதுவதா இலக்கத்தில் எழுதுவதா, உரையாடலுக்கு எந்த மேற்கோள் குறி என்பன போன்ற முடிவுகள் அதில் இருக்கும். தமிழ்ப் பிரதிக்கு அதில் இன்னும் சில சேரும். கதைசொல்லி ‘மருத்துவமனை’ என்று எழுத, பாத்திரங்கள் ‘ஆஸ்பத்திரி’ என்று பேசலாம். ஆனால் கதைசொல்லியே இரண்டையும் மாற்றி மாற்றி எழுதக்கூடாது. சேகரன் 3ஆம் அத்தியாயத்தில் “பாத்தேன்” என்றும் 12இல் “பார்த்தேன்” என்றும் பேசினால், எது அவன் பேச்சு என்று முடிவு செய்யவேண்டும். மலர்விழி அவனை “அண்ணா” என்று அழைக்கிறாளா, “அண்ணே” என்று அழைக்கிறாளா என்பதும் அவ்வாறே. பெயர்ச்சொல்லின் முன் ஒற்று இடுவதிலும் ஒரு முடிவு வேண்டும். “முடித்துச் சேகரனிடம்” என்பது இலக்கணப்படி சரி. ஆட்பெயருக்கு முன் ஒற்று உறுத்துகிறது என்று அதைத் தவிர்ப்பவர்களும் உண்டு. மேலே உள்ள பகுதியில் காற்புள்ளி இட்டு அந்தச் சிக்கலைத் தாண்டியிருக்கிறார் எடிட்டர். எந்த முடிவானாலும் நூல் முழுவதும் ஒன்றாக இருக்கவேண்டும்.

நடைத்தாளின் மற்றொரு பகுதி காலக்கோடு. நம் நாவலில், தாய் இறந்தது 1998இல், அப்போது மலர்விழிக்கு வயது 9 என்று ஒரு நினைவு அத்தியாயம் சொல்கிறது. கடிதம் கிடைப்பது 2019இல். அங்கே அவளுக்கு 32 வயது என்று இருக்கிறது. கணக்குப்படி 30 வரவேண்டும். பழைய வரிசையில் இந்த இரண்டு தகவல்களுக்கும் இடையே பதினைந்து அத்தியாயங்கள் இருந்ததால் யாருடைய கண்ணிலும் படவில்லை. எடிட்டர் எண்ணை மாற்றாமல் கேள்வியாக எழுப்புவதே முறை, ஏனெனில் தவறு வயதில் இருக்கலாம், ஆண்டிலும் இருக்கலாம். ஆண்டை மாற்றினால் கடிதத்தில் வரும் சம்பவங்களையும் சரிபார்க்கவேண்டிவரும். முதல் படியில் ஓரத்தில் குறித்துவைத்த ஆண்டும் மாதமும் இங்கேதான் பயன்படுகின்றன.

திருத்தங்கள் வேர்டு கோப்பில் Track Changes வசதியில் வருவது வழக்கம். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொள்ளும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. முதலில் ஓரக்குறிப்புகளுக்கு மட்டும் விடை எழுதி முடித்துவிட்டு, பிறகு திருத்தங்களைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பார்க்கவேண்டும். எடிட்டரிடம் கோப்பு இருக்கும் காலத்தில் ஆசிரியர் தம்மிடமுள்ள நகலில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. இரண்டு நகல்கள் இரண்டு திசையில் வளர்ந்தால், அவற்றை ஒன்றாக்கும் வேலை முழுச் செம்மையாக்கத்தையும் மீண்டும் செய்வதற்குச் சமம்.

ஐந்தாம் படி: மெய்ப்பு

மெய்ப்பு என்பது வடிவமைத்த பக்கம். உலோக எழுத்துகளைத் தட்டில் அடுக்கி அச்சடித்த காலத்தில், அடுக்கியது சரிதானா என்று பார்க்க எடுத்த சோதனைப் பிரதிக்கே அந்தப் பெயர். இன்று அது பி.டி.எஃப். கோப்பாக வருகிறது. வடிவமைப்புக்கு முன் வேர்டு கோப்பில் பிழை பார்ப்பதை மெய்ப்பு என்று சொல்வது தவறு என்று நான் வலியுறுத்துவது சொல்லுக்காக அன்று. வடிவமைப்பின்போது புதிய பிழைகள் பிறக்கின்றன. அவை வேர்டு கோப்பில் இருக்கவே இருக்காது.

தமிழில் அவை தனி வகை. யூனிகோடில் இருந்த உரை வடிவமைப்பாளரின் பழைய எழுத்துருவுக்கு மாற்றப்படும்போது சில எழுத்துகள் இடம்மாறலாம், சில காணாமல் போகலாம். ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகியிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, ஆனால் இரண்டாவதில் இருப்பது ளகரம். துணைக்காலுக்குப் பதில் ரகரம் வந்திருப்பதும் இப்படித்தான் ஏமாற்றும். வரி உடையும் இடத்தில் ஒற்றெழுத்து தனியாகப் பிரிந்து அடுத்த வரியின் முதலில் நிற்கலாம்: ‘கடிதத்தை’ ஒரு வரியில் முடிய, ‘ப் பிரித்த’ என்று அடுத்த வரி தொடங்கும். பக்கத்தின் உச்சியில் ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் தனித்து நிற்பதும், சாய்வெழுத்தில் இருந்த கடிதத்தின் வாசகம் சாதாரண எழுத்தாகிவிடுவதும் இங்கேதான் தெரியும்.

மெய்ப்பை ஒரே வாசிப்பில் முடிக்க முயலக்கூடாது. முதல் வாசிப்பு உரைக்கு மட்டும். இயன்றால் ஒருவர் செம்மையாக்கிய பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் விரல் வைத்துத் தொடரலாம். விடுபட்ட வரிகள் இந்த முறையில்தான் நிச்சயமாகப் பிடிபடும். இரண்டாவது வாசிப்பில் உரையைப் படிக்கவே கூடாது. பக்க எண்கள், அத்தியாய எண்கள், பக்கத் தலைப்புகள், பொருளடக்கத்தில் உள்ள எண்கள் ஆகியவற்றை மட்டும் பார்க்கவேண்டும். நம் நாவலில் அத்தியாயங்கள் 28இலிருந்து 25 ஆனதால், பழைய எண் ஏதேனும் எங்காவது ஒளிந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. நூலாசிரியர் மெய்ப்பைப் படிக்கத்தான் வேண்டும், ஆனால் அவர் மட்டுமே படிப்பது போதாது. அடுத்த சொல் என்ன என்று அவருக்கு முன்பே தெரியும். அங்கே இல்லாத சொல்லையும் அவர் கண் படித்துவிடும்.

இந்தக் கட்டத்தில் ஆசிரியர்கள் செய்யும் பெரிய தவறு, வாக்கியங்களை மேம்படுத்த முனைவது. நம் நூல் 208 பக்கங்களில் அடங்குகிறது என்று கொள்வோம். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கங்களுக்கு ஒரு ஃபாரம் என்ற கணக்கில் அது சரியாக 13 ஃபாரம். ஒரு நினைவுக் காட்சியில் ஆசைப்பட்டு நான்கு வரிகள் சேர்த்தால், அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இடமிருக்கும்வரை சிக்கலில்லை. இடமில்லையென்றால் ஒரு பக்கம் கூடும். அதன்பின் வரும் எல்லா எண்களும் மாறும், பொருளடக்கம் பொய்யாகும், 209ஆம் பக்கத்துக்காக இன்னொரு ஃபாரமோ அதில் பாதியோ சேர்க்கவேண்டும். மெய்ப்பில் ஆசிரியர் செய்யும் மாற்றங்கள் ஓர் அளவைத் தாண்டினால் அதன் செலவு அவரையே சேரும் என்று பல பதிப்பு ஒப்பந்தங்களில் எழுதியிருப்பது இதனால்தான். தவிர்க்க முடியாத மாற்றமென்றால், நீக்கும் சொற்களும் சேர்க்கும் சொற்களும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்குமாறு எழுதிக் கொடுக்கவேண்டும்.

குறித்துக் கொடுத்த திருத்தங்களுடன் இரண்டாம் மெய்ப்பு வரும். இதில் முழு நூலையும் மீண்டும் படிப்பதைவிட, முதல் மெய்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியையும் ஒப்பிட்டு, திருத்தம் நுழைந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த வரியையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் முழுமையாகப் படிக்கவேண்டும். ஒரு பிழையைத் திருத்தும் கை அதே வரியில் இன்னொன்றை உண்டாக்குவது மிகச் சாதாரணம். ‘நடுங்கின’ என்று திருத்தச் சொன்ன இடத்தில் ‘நடுங்கினகியது’ என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, யாரும் படிக்காத பக்கங்கள் சில உண்டு: தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், பின்னட்டை, நூலின் முதுகு. இவை பெரும்பாலும் தனிக் கோப்புகளாக, வேறு நாளில், வேறொருவர் கையால் தயாராகின்றன; மேலே சொன்ன எந்தக் கட்டத்திலும் அவை இருந்திருக்காது. அச்சுக்குப் போகுமுன் அவற்றைத் தனியே வரவழைத்து, நூலின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.